டேம்பரைத் திறந்துவிட்டு மோட்டாரை மெதுவாக்கினோம்: ஓர் அரிசி ஆலையின் புளோயரும் தண்ணீர் பம்பும்

மன்னார்குடி வட்டாரத்தில் உள்ள ஒரு புழுங்கல் அரிசி ஆலையில், நெல் உலர்த்தும் டிரையரின் புளோயருக்கு, மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் பொருத்திய வேலையையும், அதன்பின் அதே ஆலையின் போர்வெல் பம்புக்கும் ஒரு டிரைவ் போடலாமா என்று அளந்து பார்த்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். இரண்டு மோட்டார்களுக்கும் ஒரே விதிதான் பொருந்தும். ஆனால் புளோயரில், காற்று குறைவாக வேண்டிய வேளைகளில், மின்சாரம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பம்பில் ஒரு யூனிட்டும் மிச்சமாகாது என்று தெரியவந்தது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் டிரைவ் வாங்கியவர்களை டெல்டாவில் பல ஆலைகளில் பார்க்கிறேன் என்பதால், அளவுகளோடு எழுதுகிறேன்.

குறுவை அறுவடை நடக்கும் புரட்டாசி, ஐப்பசியில் இந்தப் பகுதிக்கு மழையும் வந்துவிடுகிறது. களத்தில் நெல்லைக் காயவைக்க முடியாத அந்த நாட்களில் டிரையர் ஓய்வின்றி ஓடும். ஊறவைத்து அவித்த நெல்லை இந்த ஆலையில் இரண்டு கட்டமாக உலர்த்துகிறார்கள். முதல் கட்டத்தில் நெல்லின் மேற்பரப்பிலும் அதை ஒட்டியும் இருக்கும் ஈரம் வேகமாகப் போகிறது. அதற்கு நிறையக் காற்று வேண்டும். பிறகு நெல்லைச் சில மணி நேரம் தொட்டியில் ஆறவிடுகிறார்கள். இரண்டாம் கட்டத்தில், மணியின் உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல வெளியே வந்துசேர வேண்டும் என்பதால், காற்றை அள்ளிக் கொட்டினாலும் உலர்தல் அந்த அளவுக்கு வேகமெடுக்காது. அவசரப்படுத்தினால் மணியில் விரிசல் விழுந்து அரைக்கும்போது நொய் கூடுகிறது. ஆகவே இரண்டாம் கட்டம் தொடங்கும்போது பாய்லர் பார்க்கும் அண்ணன் வந்து, புளோயரின் வெளிவாயில் காற்றைத் தடுக்கும் தகடான டேம்பரைப் பாதிக்குமேல் மூடிவிடுவார். இந்த முறை சரியானதுதான். நெல்லுக்கு வேண்டிய காற்று கிடைக்கிறது. ஆனால் அந்தத் தகட்டில் எவ்வளவு மின்சாரம் மோதி வீணாகிறது என்று அதுவரை யாரும் அளக்கவில்லை.

புளோயரை ஓட்டுவது 30 குதிரைத்திறன் மோட்டார். அதாவது 22 கிலோவாட், நான்கு துருவம், முழுச் சுமையில் நிமிடத்துக்கு 1470 சுற்று, பெல்ட் வழியாக. உமியில் எரியும் பாய்லரின் நீராவி ஒரு ரேடியேட்டருக்குப் போகிறது; அந்த ரேடியேட்டரின் வழியாகப் புளோயர் காற்றை இழுத்து டிரையருக்குள் தள்ளுகிறது. அப்படியானால் புளோயரின் உள்ளே போவது சூடான காற்று என்பதைக் கவனிக்க வேண்டும். 30 டிகிரி காற்றைவிட 90 டிகிரி காற்று சுமார் ஆறில் ஒரு பங்கு எடை குறைந்தது. புளோயர் எடுக்கும் மின்சாரமும் அதே விகிதத்தில் குறையும். காலையில் நீராவி வருவதற்கு முன் ஓர் அளவையும், மதியம் சூடேறியபின் இன்னோர் அளவையும் எடுத்து ஒப்பிட்டால், டிரைவ் இல்லாமலேயே மிச்சம் தெரியும். அதனால் எல்லா அளவுகளையும் காற்று 90 டிகிரிக்கு வந்து நிலைபெற்ற பிறகே எடுத்தோம்.

அளப்பதற்குப் பெரிய கருவிகள் தேவைப்படவில்லை. பானலில் மூன்று பேஸ் கிலோவாட் மீட்டர் ஒன்றை மாட்டினோம். காற்றுக்குழாயின் நேரான பகுதியில் ஒரு துளையிட்டு, பிட்டாட் குழாயைச் செருகி, நீர் நிரப்பிய யூ வடிவக் கண்ணாடிக் குழாயோடு இணைத்தோம். பிட்டாட் காட்டும் நீர்மட்ட வித்தியாசம் காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இருக்கும். வித்தியாசம் பாதியானால் காற்றளவு 71 சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். இன்னொரு யூ குழாயை டேம்பருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தைப் பார்க்க வைத்தோம்.

டேம்பர் முழுவதும் திறந்திருந்தபோது பிட்டாட் 14 மில்லிமீட்டர் காட்டியது, மோட்டார் 20.5 கிலோவாட் எடுத்தது. இரண்டாம் கட்டத்துக்காக அண்ணன் வழக்கம்போல டேம்பரை மூடியதும் பிட்டாட் 7 மில்லிமீட்டருக்கு இறங்கியது, மோட்டார் 16.2 கிலோவாட் எடுத்தது. காற்று 29 சதவீதம் குறைந்திருக்க, மின்சாரம் 21 சதவீதம்தான் குறைந்தது. அப்போது டேம்பருக்கு முன்னால் 177 மில்லிமீட்டர் நீர் அழுத்தமும், அதைத் தாண்டியதும் 82 மில்லிமீட்டரும் இருந்தன. புளோயர் சிரமப்பட்டு உண்டாக்கிய அழுத்தத்தில் 95 மில்லிமீட்டர் அந்த ஒரு தகட்டிலேயே தீர்ந்துவிட்டது. நெற்படுகைக்குப் போய்ச் சேர்ந்தது 82 மட்டுமே. குழாயின் குறுக்களவையும் பிட்டாட் அளவையும் வைத்துப் பார்த்தால், அப்போது நொடிக்குச் சுமார் 4.6 கனமீட்டர் காற்று ஓடிக்கொண்டிருந்தது. 95 மில்லிமீட்டர் அழுத்தத்தைப் பாஸ்கலுக்கு மாற்றி 4.6 கனமீட்டரால் பெருக்கினால் காற்றில் 4.3 கிலோவாட் வருகிறது. புளோயரின் செயல்திறன் அறுபது சதவீதத்தை ஒட்டியும், மோட்டார், பெல்ட் இழப்புகள் அதற்கு மேலும் என்று கொண்டால், மின்மீட்டரில் அது 7 கிலோவாட்டைத் தாண்டும். டிரைவ் வாங்குவதற்கு முன்பே, மிச்சமாகக்கூடியது எவ்வளவு என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிட்டது. விற்பனையாளர் சொல்லும் சதவீதத்தைவிட டேம்பரின் இருபுற அழுத்தத்தை நான் நம்புகிறேன்.

இனி அந்த விதி. சுழலும் இறக்கையை உடைய புளோயர், மையவிலக்கு பம்பு ஆகிய இரண்டுக்கும் பொதுவாக அஃபினிட்டி விதிகள் என்று சொல்லப்படுபவை மூன்று:

```
Q2/Q1 = N2/N1
H2/H1 = (N2/N1)^2
P2/P1 = (N2/N1)^3
```

N என்பது சுழற்சி வேகம், Q என்பது ஓடும் அளவு, H என்பது அழுத்தம் அல்லது உயரம், P என்பது தண்டில் வேண்டிய திறன். இறக்கையின் நுனி வேகம் பாதியானால் அது தள்ளும் காற்றின் அளவும் பாதியாகும். ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் கிடைக்கும் ஆற்றல் நுனி வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது என்பதால் அழுத்தம் கால் பங்காகும். திறன் என்பது அளவையும் அழுத்தத்தையும் பெருக்கி வருவது. ஆகவே அது எட்டில் ஒரு பங்காகும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் 0.8 × 0.8 × 0.8 = 0.512, திறன் ஏறத்தாழ பாதி. இதைத்தான் எல்லா டிரைவ் விளம்பரங்களும் அச்சிடுகின்றன.

ஆனால் இந்த மூன்று வரிகளும் புளோயரைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. அது எதற்குள் காற்றைத் தள்ளுகிறதோ அந்த அமைப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. புளோயரின் வளைவின் மேல் உள்ள ஒவ்வொரு இயங்கு புள்ளியும் வேகம் குறையும்போது எங்கே நகரும் என்பதை இந்த விதி காட்டுகிறது. அமைப்பின் தடையும் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே குறையுமானால் இரண்டும் ஒன்றாக இறங்கிவரும். அப்போது மூன்றாம்படிக் கணக்கு அப்படியே பலிக்கும். குழாயின் வளைவுகள், ரேடியேட்டர் ஆகியவற்றில் தடை ஏறக்குறைய வர்க்கமாகத்தான் குறைகிறது. நெற்படுகையில் அப்படியில்லை. மணிகளுக்கு இடையிலான குறுகிய இடைவெளிகளில் காற்று ஓரளவு நிதானமாகவே ஊர்ந்து செல்வதால், தடை வர்க்கத்தைவிட மெதுவாகக் குறைகிறது. காற்றை 70 சதவீதமாக்கினால் தடை 49 சதவீதத்துக்கு வராமல் 60 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடுகிறது. அதனால், 71 சதவீதக் காற்று வேண்டும் என்பதற்காக 50 ஹெர்ட்ஸின் 71 சதவீதமான 35.5 ஹெர்ட்ஸ் வைத்தால் போதாது. இன்னும் சற்று வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். இதை எதிர்பார்த்தே பிட்டாட் குழாயைக் கழற்றாமல் விட்டிருந்தோம்.

டிரைவ் பொருத்துவதில் எழுதத்தக்கவை சில உண்டு. ஏற்கெனவே இருந்த ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, மோட்டாரின் ஆறு முனைகளையும் டெர்மினல் பெட்டியிலேயே டெல்டாவாக இணைத்தோம். டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையில் கான்டாக்டர் எதையும் விட்டுவைக்கவில்லை. ஓடும்போது அது திறந்து மூடினால் டிரைவின் வெளிப்புறச் சுற்று கெடும். ஆலைக்குள் உமித்தூசி எங்கும் நுழையும் என்பதால் டிரைவைப் புளோயருக்கு அருகில் வைக்காமல், மீட்டர் இருக்கும் தனி அறையில் மூடிய பெட்டிக்குள் வைத்தோம். இதனால் கேபிள் நாற்பது மீட்டர் ஆகிவிட்டது. டிரைவின் கூர்மையான மின்துடிப்புகள் நீண்ட கேபிளின் முனையில் எதிரொலித்து மோட்டாரின் சுருளில் கூடுதல் மின்னழுத்தத்தை உண்டாக்கும். பலமுறை ரீவைண்டு செய்யப்பட்ட பழைய மோட்டாருக்கு அது கெடுதல். ஆகவே டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் வெளிப்புறத்தில் ஒரு சோக்கும், மின்வாரியப் பக்கத்து மின்னோட்டம் சீராக இருக்க, டிரைவுக்குள் மின்சாரம் வரும் உள்புறத்தில் ஒரு சோக்கும் சேர்த்தோம்.

அளவுருக்களில் மூன்றைச் சொல்ல வேண்டும். மின்னழுத்தம் அதிர்வெண்ணோடு சேர்ந்து குறையும் விதத்தை, புளோயருக்கும் பம்புக்கும் உரிய மாறும் முறுக்குவிசை வளைவாக வைத்தோம். மெதுவாகச் சுற்றும் புளோயருக்கு முறுக்குவிசை குறைவாகவே தேவைப்படும் என்பதால், மோட்டாருக்கு வீணாகக் காந்தமேற்றும் மின்னோட்டம் கொடுக்க வேண்டியதில்லை. உச்ச அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸில் பூட்டினோம். யாராவது அவசரத்துக்கு 55 வைத்துவிட்டால் திறன் 1.1-இன் மூன்றாம்படியாக, அதாவது 1.33 மடங்காக உயரும், 20.5 கிலோவாட் 27 ஆகி மோட்டார் எரியும். மூன்றாவது, நிறுத்தும் நேரம். புளோயரின் சக்கரம் கனமானது. நிறுத்தும்போது அது மோட்டாரைச் சுழற்றி மின்சாரத்தை டிரைவுக்கே திருப்பி அனுப்பும். நிறுத்தும் நேரம் 20 விநாடியாக இருந்தவரை ஒவ்வொரு முறையும் அதிக மின்னழுத்தம் என்று டிரைவ் டிரிப்பானது. சக்கரம் தானாக ஓய்ந்து நிற்கும்படி மாற்றினோம், டிரிப் நின்றது. சக்கரம் முழுவதும் நிற்பதற்குள் மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஓடிக்கொண்டிருக்கும் வேகத்தைக் கண்டுபிடித்து அதிலிருந்து பிடித்துக்கொள்ளும் வசதியும் டிரைவில் இருந்தது; அதையும் இயக்கிவைத்தோம். 41 ஹெர்ட்ஸை ஒட்டிக் காற்றுக்குழாயின் தகடு பலமாக அதிர்ந்ததால், 40 முதல் 42 வரை நிற்காமல் தாண்டிப்போகும்படி விலக்கு வைத்தோம்.

இனி முக்கியமான சோதனை. டேம்பரை முழுவதும் திறந்து அந்த நிலையிலேயே போல்ட் போட்டோம். இரண்டாம் கட்ட உலர்த்தல் நடக்கும்போது, பிட்டாட் சரியாக 7 மில்லிமீட்டருக்கு வரும்வரை அதிர்வெண்ணைக் குறைத்தோம். ஒப்பிடும்போது காற்றளவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். காற்றைக் குறைத்துவிட்டு மின்சாரம் குறைந்தது என்று காட்டுவது எளிது. நெல் உலர இன்னும் இரண்டு மணி நேரம் ஆனால் அந்த மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். பிட்டாட் 7-க்கு வந்தபோது டிரைவ் 37 ஹெர்ட்ஸ் காட்டியது. டிரையரின் வாயில் அழுத்தம் முன்போலவே 82 மில்லிமீட்டர். நெல்லுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. மின்மீட்டர், டிரைவின் உள்புறத்தில், 8.9 கிலோவாட் காட்டியது.

16.2 இருந்த இடத்தில் 8.9, குறைந்தது 7.3 கிலோவாட். டேம்பரின் அழுத்தத்திலிருந்து முன்கூட்டிப் போட்ட கணக்கோடு இது ஒத்துப்போகிறது. வெறும் மூன்றாம்படி விதியை 37-க்குப் போட்டால் 0.74-இன் மூன்றாம்படி 0.405, 20.5-ஐ அதனால் பெருக்கினால் 8.3 வர வேண்டும். மீதமுள்ள 0.6 கிலோவாட் டிரைவின் சூட்டிலும், குறைந்த சுமையில் மோட்டாரின் செயல்திறன் இறங்கியதிலும், வேகத்தோடு மூன்றாம்படியாகக் குறையாத பெல்ட், பேரிங் உராய்விலும் போகிறது. விதி தண்டில் வேண்டிய திறனைத்தான் சொல்கிறது. மின்வாரிய மீட்டர் காண்பது அதைவிட எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். முதல் கட்டத்தில் 50 ஹெர்ட்ஸிலேயே ஓடுவதால் அங்கே மிச்சமில்லை, மாறாக 20.5 இருந்தது டிரைவின் இழப்பையும் சேர்த்து 21.0 ஆகிவிட்டது. எப்போதும் முழு வேகம் வேண்டிய இடத்தில் டிரைவ் போட்டால் நட்டம் என்பதற்கு இதுவே சாட்சி.

ஆலையின் எலெக்ட்ரீஷியன் தம்பிக்கு ஒரு சந்தேகம் வந்தது. அது நியாயமான சந்தேகம். முன்பு மோட்டார் கேபிளில் கிளாம்ப் மீட்டர் 27 ஆம்பியர் காட்டியது. இப்போது டிரைவின் திரையில் 21 ஆம்பியர். ஆறு ஆம்பியர்தானே குறைந்திருக்கிறது, பாதி என்று எப்படிச் சொல்கிறீர்கள் அண்ணே என்று கேட்டார். திரையில் தெரியும் ஆம்பியர் மோட்டாருக்குப் போவது. அங்கே மின்னழுத்தம் 415 அல்ல, 37 ஹெர்ட்ஸுக்கு ஏற்ப 300 வோல்ட்டை ஒட்டித்தான் இருக்கிறது. அதோடு, மோட்டாருக்கு வேண்டிய காந்தமேற்றும் மின்னோட்டம் டிரைவின் கெப்பாசிட்டருக்கும் மோட்டாருக்கும் இடையில் மட்டுமே போய்வருகிறது; மின்வாரியத்திலிருந்து வருவதில்லை. உள்புறக் கேபிளில் கிளாம்பைப் போட்டுக் காட்டினேன்: 14 ஆம்பியர். அந்த மின்னோட்டமும் சீரான அலையாக இராது என்பதால், சாதாரணக் கிளாம்ப் மீட்டரை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. உண்மை மதிப்பு காட்டும் மீட்டரோ, நேரே கிலோவாட் மீட்டரோ வேண்டும்.

நாள் கணக்கில் முதல் கட்டம் ஐந்து மணி நேரம், இரண்டாம் கட்டம் ஆறு மணி நேரம் என்று கொண்டால், இரண்டாம் கட்டத்தில் 43.8 யூனிட் மிச்சம். முதல் கட்டத்தில் 2.5 யூனிட் கூடுதல் செலவு. ஆண்டுக்கு 200 நாள் ஆலை ஓடினால் நிகரமாக 8,260 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 66,000 ரூபாய். டிரைவ், பெட்டி, சோக்குகள், கேபிள் எல்லாம் சேர்த்து ஆன செலவு 1,40,000 ரூபாயை ஒட்டி வந்தது. இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல். இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டு கட்டத்துக்கும் ஒரே காற்றளவு போதும் என்றிருந்தால், டிரைவ் வாங்கவே சொல்லியிருக்க மாட்டேன். மோட்டார் தண்டில் இருக்கும் புல்லியை விட்டத்தில் முக்கால் அளவுள்ளதாக மாற்றினால் புளோயர் அதே மெதுவான வேகத்தில் ஓடும். சில ஆயிரம் ரூபாயில், டிரைவின் இழப்பும் இல்லாமல், அதே மிச்சம் கிடைக்கும். காற்றின் தேவை வேளைக்கு வேளை மாறுகிற இடத்துக்குத்தான் டிரைவ்.

கவனிக்க வேண்டிய விளைவு ஒன்றும் உண்டு. டேம்பர் காலத்தில், இரண்டாம் கட்டம் தொடங்கியதும் நீராவி வால்வையும் கையோடு குறைப்பது அண்ணனின் பழக்கம். டேம்பரைத் தொடும் வேலை போனதும் வால்வைக் குறைக்கும் வேலையும் சேர்ந்து விட்டுப்போக வாய்ப்பிருந்தது. காற்று குறைந்து நீராவி அப்படியே இருந்தால் காற்றின் வெப்பம் ஏறும். மணியில் விரிசல் விழும். 37 ஹெர்ட்ஸுக்கு மாற்றும் பொத்தானை மீட்டர் அறையில் வைக்காமல், நீராவி வால்வுக்கும் வெப்பமானிக்கும் பக்கத்தில் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

புளோயரின் கணக்கைப் பார்த்த முதலாளி, "தம்பி, நம்ம போருக்கும் ஒன்னு மாட்டிடுங்களேன். அதுவும் நாள் முழுக்க ஓடுது" என்றார். ஊறவைக்கும் தொட்டிகளுக்கும் பாய்லருக்கும் தண்ணீர் கொடுக்க, 7.5 குதிரைத்திறன் நீர்மூழ்கி பம்பு ஒன்று மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக்கொண்டே இருக்கிறது. "அளந்து பார்த்துட்டுச் சொல்றேங்கய்யா" என்று சொல்லிவிட்டு அளவெடுத்தோம்.

பம்பு ஓடும்போது போரில் நீர்மட்டம் தரையிலிருந்து 18 மீட்டர் கீழே. தொட்டியில் குழாய் விழும் இடம் தரையிலிருந்து 12 மீட்டர் மேலே. மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் இந்த 30 மீட்டரைத் தூக்கியே ஆக வேண்டும். குழாயின் உராய்வு, முழு ஓட்டத்தில், 6 மீட்டர் மட்டுமே. நொடிக்கு 10 லிட்டர், அதாவது மணிக்கு 36 கனமீட்டர் தண்ணீர் வந்தது, மீட்டர் 6.8 கிலோவாட் காட்டியது. ஒரு கனமீட்டர் தண்ணீருக்கு 0.189 யூனிட். புளோயரில் தடை முழுவதும் ஓட்டத்தால் வருவது. ஓட்டம் குறைந்தால் தடையும் குறையும். இங்கே 36-இல் 30 பங்கு ஓட்டத்தைச் சாராதது. அஃபினிட்டி விதி இங்கும் பொய்க்கவில்லை. பம்பு கொடுக்கக்கூடிய உயரம் வேகத்தின் வர்க்கமாகவே குறைகிறது. தேவைப்படும் உயரம்தான் குறைவதில்லை.

இந்த பம்பின் வெளிவாயை முழுவதும் மூடினால் எட்டும் உச்ச உயரம் 48 மீட்டர். 45 ஹெர்ட்ஸில் அந்த உச்சம் 0.81 மடங்காகி 39 மீட்டருக்கு வருகிறது. பம்பின் வளைவையும் குழாயின் வளைவையும் சேர்த்துக் கணக்கிட்டால், அந்த வேகத்தில் நொடிக்கு 7 லிட்டர்தான் வரும். வேகம் பத்து சதவீதம் குறைந்தால் தண்ணீர் முப்பது சதவீதம் குறைகிறது. பம்பு தன் சிறந்த செயல்திறன் புள்ளியை விட்டு விலகுவதையும் டிரைவின் இழப்பையும் சேர்த்தால் மின்சாரம் 4.8 கிலோவாட் ஆகும். கிலோவாட்டை மட்டும் பார்த்தால் 6.8-லிருந்து 4.8 என்பது பெரிய மிச்சம்போலத் தெரியும். ஒரு கனமீட்டருக்குப் பார்த்தால் 0.190 யூனிட், முன்பு இருந்ததுதான். தொட்டி நிரம்ப முன்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நேரமாகும், அவ்வளவே. 42 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் நொடிக்கு 4.6 லிட்டரும் 3.75 கிலோவாட்டும் வரும், கனமீட்டருக்கு 0.22 யூனிட்டைத் தாண்டி, செலவு கூடத் தொடங்கிவிடும். 39.5 ஹெர்ட்ஸில் பம்பின் உச்ச உயரமே 30 மீட்டராகிவிடுகிறது. அதற்குக் கீழே மோட்டார் சுற்றும், மின்சாரம் எடுக்கும், தொட்டியில் ஒரு சொட்டு விழாது.

டெல்டாவில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. அதற்கு முந்தைய கோடை மாதங்களில் ஆறும் வாய்க்கால்களும் வறண்டு நிலத்தடி நீர் இறங்கிவிடும். இந்தப் போரில் மட்டம் நான்கு மீட்டர் இறங்கினால் தூக்க வேண்டியது 34 மீட்டராகும். தண்ணீர் வரத் தொடங்கும் அதிர்வெண் 42-க்கு ஏறிவிடும். மழைக்காலத்தில் 42 என்று பூட்டிவைத்த பம்பு சித்திரையில் தண்ணீர் ஏற்றாமலேயே ஓடிக்கொண்டிருக்கும். நீர்மூழ்கி மோட்டார் தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரால்தான் குளிர்கிறது; ஓட்டம் நின்றால் சூடேறிச் சுருள் போகும். மேலே நிற்பவருக்கு அது தெரியவும் தெரியாது. டிரைவ் ஓடுகிறது, ஆம்பியர் இருக்கிறது, தொட்டியின் மட்டம் மட்டும் ஏறாமல் நிற்கிறது என்றால், வேகத்தை உடனே கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஆகவே பம்புக்கு டிரைவ் வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னோம். குறைக்கக்கூடியது 6 மீட்டர் உராய்வு மட்டுமே. அதைக் குறைக்க மின்னணுக் கருவி தேவையில்லை. போர் வாயிலிருந்து தொட்டிவரை போகும் மூன்று அங்குலக் குழாயை நான்கு அங்குலமாக மாற்றி, இரண்டு கூர்மையான வளைவுகளை நீண்ட வளைவுகளாக்கினோம். உராய்வு ஏறத்தாழ பாதியானது. பம்பு அதே முழு வேகத்தில் நொடிக்குச் சுமார் 11 லிட்டர் கொடுக்கிறது, 6.9 கிலோவாட் எடுக்கிறது. கனமீட்டருக்கு 0.189 யூனிட்டாக இருந்தது 0.175 ஆகியிருக்கிறது, தொட்டியும் முன்பைவிடச் சீக்கிரம் நிரம்புகிறது.